ஆன்லைன் வகுப்பை முன்னதாக வைக்கிறீர்களா? மாணவர்களுக்குத் தெரிவிக்கும் முழு முறை: நேரம், புது லிங்க், வருகைப்பதிவு

வகுப்பைத் தாமதமாக வைத்தால், செய்தியைப் பார்க்காத மாணவர் பழைய நேரத்துக்கு வந்து சும்மா காத்திருப்பார். நஷ்டம் அவ்வளவுதான். முன்னதாக வைத்தால் அவர் வந்து சேரும்போது வகுப்பே முடிந்திருக்கும். லிங்க்கும் மாறியிருந்தால் எங்கே போவது என்றும் அவருக்குத் தெரியாது. அதனால் செய்தியைப் பார்க்கிறவர்களை விட, பார்க்காமல் விடப்போகிறவர்களை மனதில் வைத்தே இந்த வேலையைச் செய்ய வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

விளக்க ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பி.காம் இரண்டாம் ஆண்டு, 62 மாணவர்கள். சனிக்கிழமைதோறும் காலை 11 முதல் 12 வரை கூகுள் மீட்டில் காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு. 14-03-2026 சனிக்கிழமை மட்டும் அது 9 முதல் 10 வரை நடக்க வேண்டும். வழக்கமான லிங்க் துறையின் பொதுக் கணக்கில் உருவாக்கியது. 9 மணிக்கு அதில் மூன்றாம் ஆண்டு வகுப்பு இருக்கிறது. எனவே புது லிங்க் தேவை.

1. அறிவிக்கும் முன் உறுதி செய்ய வேண்டியவை

முதலில், லிங்க்கை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். நேரம் மட்டும் மாறினால் மாணவர் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். லிங்க்கும் மாறினால் தவறு நடக்கும் இடங்கள் இரண்டாகின்றன. பழைய லிங்க் அந்த நேரத்தில் காலியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் அதற்கு வழியில்லை.

அடுத்து, புது நேரம் மாணவர்களுக்கு ஒத்துவருமா என்று இரண்டு கிளாஸ் ரெப்புகளிடமும் தனியாகக் கேளுங்கள். குரூப்பில் கேட்டால் ‘நேரம் மாறப்போகிறதாம்’ என்ற பாதிச் செய்தி பரவிவிடும். பிறகு வரும் முழுச் செய்தியைப் பலர் ‘தெரிந்ததுதானே’ என்று திறக்கவே மாட்டார்கள். சனிக்கிழமை காலை கடை வேலைக்குப் போகிறவர்கள், ஊருக்குப் போகும் பேருந்தில் இருப்பவர்கள், 9 மணிக்கு வேறு வகுப்பு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். மூன்று பேர் என்றால் அவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யலாம். பதினைந்து பேர் என்றால் வேறு நேரம் பாருங்கள்.

மூன்றாவதாக, வருகை விதியை ஒரு முறை எச்ஓடியிடம் காட்டிவிடுங்கள். 75 சதவீத வருகை கேட்கும் கல்லூரிகளில் விளிம்பில் நிற்கும் மாணவருக்கு ஒரு மணி நேர வருகை பெரிய விஷயம். ‘சார் திடீரென்று நேரத்தை மாற்றினார்’ என்று புகார் போனால், விதி துறைக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

எத்தனை நேரம் முன்னால் சொல்ல வேண்டும்? குறைந்தது 36 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. வியாழன் மாலை சொன்னால் வெள்ளி முழுவதும் விட்டுப்போனவர்களைத் தேடலாம். 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் வகுப்பை முன்னதாக வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் அன்று வருகைப்பதிவு எடுக்காதீர்கள்.

2. புது லிங்க்கை உருவாக்கி, இன்னொரு கணக்கிலிருந்து சோதியுங்கள்

கூகுள் காலண்டரில் 14-03 வகுப்பைத் திறந்து நேரத்தை மாற்றுங்கள். பழைய மீட் லிங்க்கை நீக்கிவிட்டு `Add Google Meet video conferencing` அழுத்தினால் புது லிங்க் வரும். வாரந்தோறும் திரும்ப வரும் வகுப்பு என்பதால், சேமிக்கும்போது எதை மாற்றுவது என்று கேட்கும். `This event` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `All events` அழுத்திவிட்டால் எல்லாச் சனிக்கிழமைகளும் 9 மணிக்கு மாறிவிடும். இந்தத் தவறு அன்று தெரியாது, அடுத்த வாரம்தான் தெரியும். மின்னஞ்சல் அனுப்பவா என்று கேட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். செய்தி இன்னும் தயாராகவில்லை.

பொதுக் கணக்கின் காலண்டரில் திருத்த உங்களுக்கு அனுமதி இல்லையென்றால், அந்த ஒரு நாள் வகுப்பை மட்டும் நீக்கச் சொல்லிவிட்டு உங்கள் கணக்கில் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். இரண்டும் காலண்டரில் இருக்கவிட்டால் மாணவரின் போன் 11 மணி வகுப்புக்கும் மணி அடிக்கும்.

பிறகு சோதனை. உங்கள் கணக்கில் லிங்க் எப்போதும் திறக்கும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ஒரு கிளாஸ் ரெப்பிடம் கல்லூரி மின்னஞ்சலில் ஒரு முறையும், சொந்த ஜிமெயிலில் ஒரு முறையும் நுழையச் சொல்லுங்கள். கல்லூரிக் கணக்கில் நேராக உள்ளே வருவார். சொந்தக் கணக்கில் பெரும்பாலும் `Ask to join` என்று காட்டும், நீங்கள் அனுமதித்தால்தான் உள்ளே வர முடியும். வீட்டில் ஒரே போன் உள்ள மாணவர்கள் அப்பாவின் ஜிமெயிலில் வருவார்கள். அப்படிப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் வாசலில் நின்றால் அனுமதித்து முடிக்கவே சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களை விதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீங்களும் 8.50க்கே உள்ளே இருக்க வேண்டும்.

3. வருகை விதியைக் கடிகார நேரத்தில் முடிவு செய்யுங்கள்

‘பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் வருகை இல்லை’ என்று எழுதினால், எதிலிருந்து பத்து நிமிடம் என்ற கேள்வி வரும். ஆசிரியர் 9.04க்கு ஆரம்பித்தால் 9.14 வரையா? ‘9.10க்குள்’ என்று எழுதினால் கேள்வியே இல்லை.

பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்து வருகை எடுக்காதீர்கள். மீட்டின் தானியங்கி வருகை அறிக்கை கட்டணப் பதிப்புகளில்தான் கிடைக்கும். அது இருந்தாலும் அப்பாவின் கணக்கில் வந்த மாணவர் அப்பாவின் பெயரில்தான் பதிவாவார். ‘பெயரைப் பதிவெண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லவும் முடியாது. ஜூமில் வகுப்புக்குள்ளேயே பெயரை மாற்றலாம், மீட்டில் கூகுள் கணக்கின் பெயர்தான் வரும்.

எளிய வழி ஒரு கூகுள் படிவம். அதில் நான்கே கட்டங்கள்: பதிவெண், பெயர், முதல் சொல், இரண்டாம் சொல். முதல் சொல்லை 9.10க்கு வாயால் சொல்லுங்கள், இரண்டாவதை 9.52க்கு. சாட்டில் எழுத வேண்டாம், எழுதினால் நகலெடுத்து வெளியே அனுப்புவது இன்னும் எளிதாகிவிடும். படிவத்தின் லிங்க்கை 9.52க்குச் சாட்டில் போடுங்கள், 9.58க்குப் பதில் ஏற்பதை நிறுத்துங்கள். முதல் சொல் தெரிந்தவர் தொடக்கத்தில் இருந்தார், இரண்டாவது தெரிந்தவர் கடைசியில் இருந்தார். ஏதாவது ஒன்று வெறுமையாக இருந்தால் என்ன நடந்தது என்பதும் அதிலேயே தெரியும். ‘லெட்ஜர்’, ‘வவுச்சர்’ போன்ற பாடச் சொற்களைத் தவிருங்கள், ஊகித்துவிடுவார்கள். ‘நாவல்பழம்’, ‘ஊஞ்சல்’ போதும்.

நேரம் மாறியது தெரியாமல் 11 மணிக்கு வருகிறவருக்கு என்ன என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மாற்றத்தைச் செய்தது நீங்கள் என்பதால், முதல் முறை ஒரு வழி திறந்திருப்பதுதான் நியாயம். வகுப்பின் வீடியோ பதிவைப் பார்த்துவிட்டு அன்று போட்ட கணக்கு ஒன்றைத் தாளில் செய்து, ஞாயிறு மாலை 6க்குள் படம் எடுத்து அனுப்பினால் வருகை உண்டு என்று வைக்கலாம். ஆனால் இதைப் பொது அறிவிப்பில் எழுதாதீர்கள். எழுதினால் வர முடிந்தவர்களும் அதையே தேர்ந்தெடுப்பார்கள். 11 மணிக்கு வந்து நிற்பவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

4. செய்தியை எழுதுதல்

முழுச் செய்தி இப்படி இருக்கட்டும். இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்அப்பில் அந்த வரி தடித்த எழுத்தாகும்.

```
*நேர மாற்றம்: பி.காம் 2ஆம் ஆண்டு, காஸ்ட் அக்கவுண்டிங்*

14-03-2026 சனிக்கிழமை ஆன்லைன் வகுப்பு
*காலை 9.00 முதல் 10.00 வரை*
அன்று 11 மணி வகுப்பு கிடையாது.

புது லிங்க் (இந்த ஒரு நாளுக்கு மட்டும்):
https://meet.google.com/abc-defg-hij

பழைய லிங்க்கில் வர வேண்டாம். 9 மணிக்கு அதில்
3ஆம் ஆண்டு வகுப்பு நடக்கும்.

வருகைப்பதிவு: 9.10க்குள் உள்ளே இருக்க வேண்டும்.
9.52க்குத் தரப்படும் படிவத்தை 9.58க்குள் நிரப்ப வேண்டும்.
இரண்டும் செய்தவர்களுக்கே வருகை.

வர முடியாதவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள்
கிளாஸ் ரெப்பிடம் காரணத்தைச் சொல்லவும்.

21-03-2026 முதல் வழக்கம்போல் காலை 11.00, பழைய லிங்க்.
```

இதில் சில சொற்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். ‘வகுப்பு 9 மணிக்குத் தள்ளி வைக்கப்படுகிறது’ என்று எழுதினால், தள்ளி வைப்பது என்றாலே தாமதம்தான் என்று மாணவர் எடுத்துக்கொள்வார். 11க்குப் பிறகு வரும் 9 இரவு 9 ஆகிவிடும். ‘இரண்டு மணி நேரம் முன்னாடி’ என்று எழுதினால் பழைய நேரத்தை நினைவுபடுத்திக் கழித்துப் பார்க்க வேண்டும். புது நேரத்தை ‘காலை’ என்ற சொல்லோடு நேராக எழுதுங்கள்.

‘நாளை’, ‘நாளை மறுநாள்’ இரண்டும் வேண்டாம். வெள்ளி இரவு அனுப்பிய ‘நாளை’ செய்தியைச் சனிக்கிழமை காலையில் திறப்பவர் ஞாயிறு என்று படிப்பார். தேதியும் கிழமையும் சேர்ந்தே வரட்டும். ஒன்றில் தட்டச்சுப் பிழை இருந்தால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

லிங்க் தனி வரியில் நிற்க வேண்டும். தமிழில் எழுதும்போது வேற்றுமை உருபை அதோடு ஒட்டிவிடுவது வழக்கமான பிழை: `meet.google.com/abc-defg-hijல்` என்று எழுதினால், சில போன்களில் அந்த ‘ல்’ லிங்க்குக்குள் சேர்ந்து, தட்டினால் தவறான முகவரி திறக்கும். ஜூம் என்றால் லிங்க்கின் கடைசியில் வரும் `pwd=` பகுதி நகலெடுக்கும்போது விட்டுப்போகாமல் பாருங்கள். அது போய்விட்டால் எல்லோரிடமும் பாஸ்கோடு கேட்கும்.

பழைய லிங்க்கைப் பற்றிய வரியில் அதன் முகவரியைப் போடவில்லை. ஒரே செய்தியில் இரண்டு லிங்க் இருந்தால் அவசரத்தில் தட்டுகிறவர் எதையும் தட்டுவார். அங்கே ஏன் வரக் கூடாது என்ற காரணத்தைச் சொன்னதால் அந்த வரி நினைவில் நிற்கும்.

5. அனுப்பும் வரிசை

காலண்டர் முதலில், கூகுள் கிளாஸ்ரூம் அடுத்து, வாட்ஸ்அப் கடைசியில். பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில்தான் செய்தியைப் பார்ப்பார்கள், பார்த்ததும் சிலர் காலண்டரைத் திறந்து சரிபார்ப்பார்கள். அங்கே இன்னும் 11 மணி என்று இருந்தால் ‘எது சரி?’ என்ற கேள்வி குரூப்பில் விழும். அதற்கு வரும் இருபது பதில்களுக்கு அடியில் அறிவிப்பு புதைந்துபோகும்.

காலண்டரில் இப்போது மின்னஞ்சலை அனுப்பச் சொல்லுங்கள். கிளாஸ்ரூமில் அதே செய்தியை அறிவிப்பாகப் போடுங்கள். மூன்று இடத்திலும் லிங்க்கின் பத்து எழுத்துகளும் ஒன்றுதானா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று ஒரு மணி நேரத்துக்கு மாற்றுங்கள். செய்தியை அனுப்பிவிட்டு, அது குரூப்பின் மேலேயே நிற்கும்படி `Pin` அழுத்திப் பின் செய்யுங்கள். எத்தனை நாளுக்கு என்று கேட்கும்போது 7 நாள் என்று கொடுங்கள். 24 மணி நேரம் கொடுத்தால் வியாழன் மாலை பின் செய்தது வெள்ளி மாலையே போய்விடும், தேவைப்படும் சனிக்கிழமை காலையில் மேலே இருக்காது.

அறிவிப்பைப் படமாக அனுப்பாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் படத்தில் உள்ள லிங்க்கைத் தட்ட முடியாது.

6. யார் பார்க்கவில்லை என்று தேடுதல்

பலரும் விடுவது இந்தப் படியைத்தான். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வெள்ளி காலையில் உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்து அதன் தகவலைத் திறங்கள். `Read by`, `Delivered to` என்று இரண்டு பட்டியல் வரும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களும் குரூப் செய்தியில் இந்தப் பட்டியலில் தெரிவார்கள். இரண்டிலும் இல்லாதவர்களின் போன் அணைந்திருக்கிறது அல்லது டேட்டா இல்லை. அவர்களுக்கு முதலில் போன் செய்ய வேண்டும், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் எத்தனை முறை நினைவூட்டினாலும் போய்ச் சேராது. எண் மாறி குரூப்பிலேயே இல்லாதவர் யாராவது உண்டா என்று வருகைப் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படித்தவர்கள் எல்லோரும் புரிந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அறிவிப்புக்குக் கீழே ஒரு வாக்கெடுப்பு போடுங்கள். கேள்வி: ‘14-03 சனி காலை 9.00 வகுப்பு’. விடைகள்: ‘வருவேன்’, ‘வர முடியாது’. 62 ‘ஓகே சார்’ வருவதற்குப் பதில் ஒரே இடத்தில் எண்ணிக்கை நிற்கும்.

நம் வகுப்பில் வெள்ளி மதியம் 47 பேர் ‘வருவேன்’, 4 பேர் ‘வர முடியாது’ என்று சொல்லியிருக்கிறார்கள் என்று வைப்போம். மீதி 11. அவர்களில் 8 பேர் செய்தியைப் படித்திருக்கிறார்கள், 3 பேருக்கு அது போய்ச் சேரவே இல்லை. அந்த 3 பேரை ரெப் உடனே அழைக்கட்டும். 8 பேருக்கு மாலை வரை நேரம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ரெப் தனித்தனியாக எழுதட்டும். 62 பேரையும் மறுபடி துரத்த வேண்டியதில்லை.

நினைவூட்டல் இரண்டே போதும்: வெள்ளி இரவு 8.30க்கு ஒன்று, சனி காலை 8.30க்கு ஒன்று. இரண்டிலும் நேரமும் லிங்க்கும் மட்டும். விதியை மறுபடி வேறு சொற்களில் எழுதினால் எது சரியான விதி என்ற சண்டை வரும்.

7. செய்தியில் பிழை இருந்தால்

வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடம் வரை திருத்தலாம். ஆனால் திருத்தினால் புதிதாக அறிவிப்பு மணி அடிக்காது. முன்பே படித்துவிட்டவர் பழையதையே நினைவில் வைத்திருப்பார். ரெப் வேறு குரூப்புக்கு ஃபார்வர்டு செய்த நகலும் மாறாது.

எழுத்துப்பிழை என்றால் திருத்துங்கள், போதும். நேரம், தேதி, லிங்க் மூன்றில் ஒன்று தவறென்றால் பழைய செய்தியை எல்லோருக்குமாக நீக்கிவிட்டு, முழுச் செய்தியையும் மறுபடி அனுப்புங்கள். முதல் வரி ‘*திருத்தம்: மாலை 6.20க்கு வந்த செய்தியில் லிங்க் தவறு. இதுவே சரி*’ என்று இருக்கட்டும். ‘லிங்க் மாறியது, பார்க்க’ என்று ஒரு வரி மட்டும் அனுப்பினால் மாணவர் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். பின் செய்ததும் புதியதுதானா என்று பாருங்கள்.

8. பழைய லிங்க்கிலும் பழைய நேரத்திலும் ஒரு ஆள்

நேரத்தை மாற்றியதால் பழைய லிங்க் செத்துப்போகாது. 9 மணிக்கு அதைத் தட்டுகிறவர் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குள் போய் நிற்பார். அந்த வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லி, 9.00க்கும் 9.05க்கும் புது லிங்க்கைச் சாட்டில் போடச் சொல்லுங்கள். இரண்டு முறை ஏனென்றால், மீட்டில் தாமதமாக நுழைகிறவருக்கு, அதற்கு முன் சாட்டில் போட்டது தெரியாமல் போகலாம்.

11 மணிக்கு அந்த லிங்க் காலியாக இருக்கும். செய்தி கிடைக்காதவர் அங்கேதான் வருவார். ஒரு ரெப் 10.55 முதல் 11.10 வரை அங்கே இருக்கட்டும். வருகிறவரின் பதிவெண்ணை எழுதிக்கொண்டு, ஞாயிறு மாலை 6 மணிக் கெடுவை அவரிடம் சொல்லட்டும்.

9. வருகையைக் கணக்கிடுதல்

படிவத்தின் பதில்கள் ஷீட்டில் A பத்தியில் நேரத்தோடு வரும். முதலில் ஷீட்டின் நேர மண்டலம் இந்திய நேரத்தில் (`GMT+05:30`) இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். வேறு மண்டலம் என்றால் எல்லா நேரமும் தவறாகத் தெரியும். பிறகு காலியாக உள்ள பத்தி ஒன்றில்:

```
=IF(MOD(A2,1)<TIME(9,59,0),"P","L")
```

9.58 முடியும் வரை வந்தவை P, அதற்கு மேல் L. படிவத்தை மூட நீங்கள் ஓரிரு நிமிடம் தாமதித்திருந்தால் இது பிரித்துக்காட்டும். ஒரே பதிவெண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பதிவெண் B பத்தியில் இருந்தால்:

```
=COUNTIF(B:B,B2)
```

இரண்டு சொற்களையும் கண்ணால் பார்த்தால் போதும். எழுத்துப்பிழைக்காக யாரையும் கழிக்காதீர்கள்.

9.52க்கு மீட்டில் காட்டும் ஆள் எண்ணிக்கையைத் தாளில் குறித்துவையுங்கள். உங்களைக் கழித்து 53 பேர் இருந்தார்கள், படிவமோ 57 வந்திருக்கிறது என்றால், நான்கு பேருக்குச் சொற்கள் வெளியிலிருந்து போயிருக்கலாம். ஒரே போனில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்திருக்கவும் கூடும், விடுதியிலும் அக்கா தங்கை ஒரே வகுப்பில் படிக்கும் வீட்டிலும் இது சகஜம். யாரையும் குற்றம் சொல்லும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். இந்த முறையில் திருட்டு வருகையை முழுவதும் தடுக்க முடியாது. எத்தனை என்று தெரிந்துகொள்ளத்தான் முடியும்.

வருகைப் பட்டியலை அன்று மாலையே குரூப்பில் பதிவெண்களாகப் போட்டு, விட்டுப்போனவர்கள் ஞாயிறு மாலை 6க்குள் சொல்லலாம் என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துப் போட்டால் யார் எப்போது வந்தார் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

10. அடுத்த சனிக்கிழமை

பின் செய்த அறிவிப்பை 14-ஆம் தேதி மதியமே எடுத்துவிடுங்கள். 7 நாள் கொடுத்ததால் அது 19-ஆம் தேதி வரை மேலே நிற்கும். அதைப் பார்த்தே பழகியவர்கள் 21-ஆம் தேதியும் காலை 9 மணிக்குப் புது லிங்க்கில் வந்து காத்திருப்பார்கள். 20-ஆம் தேதி மாலை ஒரு வரி அனுப்புங்கள்: ‘21-03-2026 சனி வகுப்பு காலை 11.00, பழைய லிங்க்.’ அதற்குக் கீழே பழைய லிங்க்கை முழுதாக, தனி வரியில் போடுங்கள்.